எங்கட கடலுக்கு மேல ஒரு ஓட்டை: 78 சூறாவளியும் இரண்டு வகைச் செய்மதிகளும்

மட்டக்களப்புப் பக்கம் வயது போன ஆக்களோட கதைச்சால், அவர்கள் காலத்தை ஒரு விதமாகப் பிரித்து வைத்திருப்பது தெரியவரும். சூறாவளிக்கு முதல், சூறாவளிக்குப் பிறகு. கலியாணம், பிள்ளைப்பேறு, வீடு கட்டினது எல்லாம் இந்தக் கணக்கில்தான். 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய அந்தச் சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். வீடுகளும் தென்னந்தோட்டங்களும் விழுந்த கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் இங்கே கேட்கப்போவது வேறு ஒரு கேள்வி. அந்தப் புயல் வங்காள விரிகுடாவில் உருவாகி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்த நாட்களில், வானத்தில் இருந்து அதை யார் பார்த்துக்கொண்டிருந்தது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

அந்த நேரம் வானிலைச் செய்மதிகள் இல்லாமல் இல்லை. முதலாவது வானிலைச் செய்மதியான டைரோஸ்-1 ஐ அமெரிக்கா 1960 ஏப்ரல் 1ஆம் திகதி அனுப்பியது. இரண்டு தொலைக்காட்சிக் கமராக்களோடு போன அது 78 நாட்கள்தான் வேலை செய்தது. 1978 ஆகும்போது அந்தக் குடும்பம் நன்றாக வளர்ந்துவிட்டது. 1976இல் ஏவப்பட்ட நோவா-5 சுற்றிக்கொண்டிருந்தது. அதே குடும்பத்தின் புதுப்பிள்ளையான டைரோஸ்-என் 1978 ஒக்டோபர் 13இல்தான் மேலே போயிருந்தது. மட்டக்களப்பில் சூறாவளி அடிக்கும்போது அதற்கு வயது ஆறு கிழமை.

இவை இரண்டுமே துருவச் சுற்றுச் செய்மதிகள். வடதுருவத்துக்குக் கிட்டவாகவும் தென்துருவத்துக்குக் கிட்டவாகவும் போய்ப் போய் வருபவை. டைரோஸ்-என் இன் உயரம் 850 கிலோமீற்றர் அளவு. ஒரு சுற்றுக்கு 102 நிமிடம், ஒரு நாளைக்கு 14 சுற்று. செய்மதி ஒரு சுற்றை முடிக்கிற நேரத்துக்குள் கீழே பூமி கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் அடுத்த சுற்று முன்னையதற்கு மேற்கே விழும். மத்திய கோட்டில் அளந்தால் அந்த இடைவெளி ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். கமரா பார்க்கும் பட்டையின் அகலமும் அந்த அளவுதான் என்பதால், பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனால் ஒரு நாளில் முழுப் பூமியும் படமாகிவிடும்.

ஒரு தோடம்பழத்தை நினைத்துப்பாருங்கோ. சுளைகள் எல்லாம் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் ஒன்றுசேரும். நடுவிலேதான் அகலமாக விரியும். செய்மதியின் பாதைகளும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் அது துருவத்தைத் தாண்டிப் போவதால், நோர்வேயின் வடக்கு முனையில் இருப்பவரின் தலைக்கு மேலால் அது ஒரு நாளில் பல தடவை போகும். மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு செய்மதி எங்களைப் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பார்க்கும். அவ்வளவுதான். இந்தச் செய்மதிகளின் பாதை சூரியனோடு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டது. அதனால் அவை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்துக்கே ஒரு இடத்தைக் கடக்கும். பாடசாலை மணி மாதிரி. இன்றைய படத்தையும் நேற்றைய படத்தையும் ஒரே வெளிச்சத்தில் ஒப்பிடலாம் என்பது அதில் உள்ள நன்மை. ஆனால் புயல் மணி பார்த்து நடக்காது.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். ஒரு புயல் மணித்தியாலத்துக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் நகர்கிறது என்று வையுங்கோ. வங்காள விரிகுடாப் புயலுக்கு இது சாதாரண வேகம். காலையில் ஒரு படம், அடுத்தது பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து. அதற்குள் புயல் 180 கிலோமீற்றர் நகர்ந்துவிடும். மட்டக்களப்பில் இருந்து முல்லைத்தீவுக்கு நேர்கோட்டில் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது கடைசிப் படத்தில் பார்த்த புயல் இப்போது மட்டக்களப்புக்கு நேரே நிற்கிறதா, திருகோணமலைக்கா, முல்லைத்தீவுக்கா என்பது அடுத்த படம் வரும்வரை ஊகம்தான். இரண்டு செய்மதிகள் இருந்தால் நாளைக்கு நான்கு படங்கள். ஊகத்தின் அளவு பாதியாகும், ஆனால் போய்விடாது. அதோடு இரண்டு படங்கள் இரண்டு இடங்களைத்தான் காட்டும். இடையில் புயல் வேகம் கூட்டினதா, தெற்கே வளைந்து திரும்ப மேலே வந்ததா என்று அவை சொல்லாது. கப்பல்களும் கரையோர அவதானிப்பு நிலையங்களும் தரும் தகவலை வைத்துத்தான் மிச்சத்தை நிரப்ப வேண்டும். புயலுக்குள் போகிற கப்பல் குறைவு.

இந்த இடைவெளியை மூடுவதற்குத்தான் இரண்டாவது வகை வந்தது. மத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால், அது ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்ற எடுக்கும் நேரமும் ஒன்றாகிவிடும். கீழே இருந்து பார்த்தால் அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். இதைத்தான் புவிநிலைச் செய்மதி என்கிறோம். இந்த உயரத்தைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இருந்து அவர் இலங்கையில் வாழ்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் சொன்ன அந்த வளையத்தில் வானிலைக் கண் இல்லாமல் கடைசிவரை கிடந்த பகுதி அவருடைய வீட்டுக் கூரைக்கு மேலே இருந்த பகுதிதான். விதியின் பகிடி என்று சொல்லலாம்.

புவிநிலையில் இருந்து வானிலையைப் பார்க்கும் கமராவைச் சாத்தியமாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி வேர்னர் சுவோமி. 1966 டிசம்பரில் போன ஏ.டி.எஸ்-1 செய்மதி நிமிடத்துக்கு 100 தடவை தன்னைத்தானே சுழன்றுகொண்டிருந்தது. சுழலுகிற ஒன்றில் இருந்து எப்படிப் படம் எடுப்பது? சுவோமி அந்தச் சுழற்சியையே பயன்படுத்தினார். ஒரு சுழற்சிக்குப் பூமியின் குறுக்காக ஒரு மெல்லிய கோடு. அடுத்த சுழற்சிக்குக் கமரா ஒரு சிறு அளவு சரிந்து அடுத்த கோடு. இப்படியே 20 நிமிடத்தில் ஒரு முழுப் படம். அந்தப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தபோது முகில்கள் நகர்ந்தன. துருவச் செய்மதி அதுவரை காட்டியது முகில் எங்கே இருந்தது என்பதை. இது காட்டியது முகில் எங்கே போகிறது என்பதை.

1970களின் கடைசியில் உலக நாடுகள் சேர்ந்து ஒரு பெரிய திட்டம் போட்டன. ஒரு முழு ஆண்டுக்கு உலகம் முழுவதன் வளிமண்டலத்தையும் ஒன்றாக அவதானிப்பது. அதற்கு மத்திய கோட்டைச் சுற்றி ஐந்து புவிநிலைச் செய்மதிகள் வேண்டும். அமெரிக்கா இரண்டு, ஐரோப்பா ஒன்று, ஜப்பான் ஒன்று, சோவியத் ஒன்றியம் ஒன்று. ஜப்பானின் செய்மதி 1977 ஜூலையில் போய் 140 பாகை கிழக்கில் நின்றது. ஐரோப்பாவின் மீற்றியோசாட்-1 ஏவப்பட்டது 1977 நவம்பர் 23ஆம் திகதி. சூறாவளிக்குச் சரியாக ஒரு வருடத்துக்கு முதல். அது நின்றது சுழியப் பாகையில், ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கீழே இருக்கிற கடலுக்கு மேல். இந்து சமுத்திரம் சோவியத்தின் பங்கு. சோவியத்தின் செய்மதி நேரத்துக்கு ஆயத்தமாகவில்லை. அது கடைசியில் ஏவப்பட்டது 1994இல். அப்போது சோவியத் ஒன்றியமே இல்லை.

புவிநிலைச் செய்மதி ஒவ்வொன்றும் பூமியின் மூன்றில் ஒரு பங்கைத்தான் பயனுள்ள விதமாகப் பார்க்கும். தனக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியில் இருந்து 81 பாகைக்குக் கொஞ்சம் கூட வரைக்கும் தெரியும். அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். மட்டக்களப்பு இருப்பது 81.7 பாகை கிழக்கில். கணக்குப் பார்த்தால், மீற்றியோசாட்-1 இன் தொடுவானத்துக்கு மயிரிழை வெளியே. கிழக்கே ஜப்பானின் செய்மதிக்கு நாங்கள் தெரிவோம், ஆனால் சரிவாக. சரிவாகப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 15 கிலோமீற்றர் உயரமான புயல் முகிலின் உச்சியை அவ்வளவு சாய்வில் பார்த்தால், அது உண்மையான இடத்தில் இருந்து 30 கிலோமீற்றருக்கும் மேல் மேற்கே தள்ளி இருப்பது போலத் தெரியும். கரையில் இருந்து முப்பது கிலோமீற்றர் வெளியே நிற்கிற முகில், படத்தில் கரைக்கு வந்துவிட்டதாகத் தெரியும். விளிம்பில் படம் நசுங்கி, விபரங்களும் குறைந்துவிடும்.

ஆக, இரண்டு வட்டங்களுக்கும் இடையில் வங்காள விரிகுடாவும் அரபிக் கடலும் ஒரு ஓட்டை மாதிரிக் கிடந்தன. அதை அடைப்பதற்கு அமெரிக்கா தன்னுடைய பழைய செய்மதியான கோஸ்-1 ஐ இந்து சமுத்திரத்துக்கு மேல், ஏறத்தாழ 60 பாகை கிழக்குக்கு நகர்த்தித் தந்தது. உலக அவதானிப்பு ஆண்டு அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1978 டிசம்பர் 1ஆம் திகதி. சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கி எட்டாம் நாள்.

இந்த எட்டு நாளைப் பற்றிக் கதைக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். செய்மதி முதலே வேலை தொடங்கியிருந்தால் ஆக்கள் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அந்தப் படங்கள் ஸ்பெயினில் இருந்த நிலையத்தில் இறங்கி ஆராய்ச்சிக்குப் போனவை. கொழும்பில் எதிர்வுகூறல் எழுதும் மேசைக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா வரும் ஏற்பாடு அதில் இல்லை. படம் வந்தாலும், அது எச்சரிக்கையாக மாறி ஒரு ஓலைக் குடிசைக்குள் போய்ச் சேர வேணும். அந்தக் குடிசையில் இருந்து எழும்பி ஓடிப்போக ஒரு கல் வீடோ கோயிலோ கிட்ட இருக்க வேணும். இது எதையும் செய்மதி தராது.

ஆண்டு முடிய கோஸ்-1 உம் போய்விட்டது. ஓட்டை திரும்பத் திறந்தது. இந்தியா 1982 ஏப்ரலில் அனுப்பிய இன்சாட்-1ஏ அந்த வருடம் செப்டம்பரிலேயே செத்துப்போனது. 1983 ஓகஸ்டில் சலஞ்சர் விண்ணோடத்தில் போன இன்சாட்-1பி தான் எங்கள் கடலுக்கு மேல் நிலையாக உட்கார்ந்த முதல் கண். வழமையாக மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு படம், புயல் காலத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று. ஆனால் அதன் படங்கள் மற்ற நாடுகளுக்கு உடனுக்குடன் கிடைக்கும்படி திறந்திருக்கவில்லை. 1998இல் ஐரோப்பா மீற்றியோசாட்-5 ஐ ஒரு ஆராய்ச்சிக்காக 63 பாகை கிழக்குக்கு நகர்த்தியபோதுதான் உலகத்துக்கு எங்கள் கடல் தொடர்ச்சியாகத் தெரியவந்தது. பிறகு 2013இல் இன்சாட்-3டி, 2016இல் இன்சாட்-3டிஆர். இரண்டும் ஆளுக்கு அரை மணித்தியாலம் மாறி மாறி எடுத்ததில், கால் மணித்தியாலத்துக்கு ஒரு படம். அதுவும் ஏறத்தாழ எங்கள் உச்சிக்கு மேல் இருந்து.

அப்படியானால் துருவச் செய்மதிக்கு இனி என்ன வேலை என்று கேட்கலாம். இங்கேதான், எத்தனை தடவை பார்க்கிறது என்ற கேள்வி எதைப் பார்க்கிறது என்ற கேள்வியாக மாறுகிறது.

புவிநிலைச் செய்மதி பகலில் வெளிச்சத்தையும், இரவு பகல் இரண்டிலும் அகச்சிவப்புக் கதிரையும் பார்க்கிறது. அகச்சிவப்பில் அது காண்பது வெப்பநிலையை. உயரமான முகில் குளிர்ந்தது, அது படத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். தாழ்ந்த முகிலும் கடலும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை. அதனால் இரவுப் படத்தில் தாழ்ந்த முகில் கடலோடு கலந்து காணாமல் போகும். மேலே ஒரு வெள்ளைப் போர்வை விரிந்திருந்தால் அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. கால் மணித்தியாலத்துக்கு ஒரு படம் வந்தாலும், கூரையைத்தான் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கிறோம். வீட்டுக்குள்ளே பார்க்கவில்லை.

மேல்காற்று பலமாக இருக்கும்போது புயலின் முகில் திரள் ஒரு பக்கம் தள்ளுப்பட்டுப் போய், சுழற்சியின் மையம் இன்னொரு பக்கம் தாழ்ந்த முகில்களோடு தனியே நிற்கும். இரவு முழுக்க எதிர்வுகூறுநர் வெள்ளைத் திரளின் நடுவில் மையத்தைக் குறித்துக்கொண்டு இருப்பார். விடிந்து முதல் வெளிச்சப் படம் வரும்போது பார்த்தால், மையம் பல பத்துக் கிலோமீற்றர் தள்ளி வெறுமையாகச் சுழன்றுகொண்டிருக்கும். புயல் நகர்ந்ததில்லை, குறித்த இடம்தான் பிழை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகப் பழகிப்போன விடியற்காலை அதிர்ச்சி இது.

இதைத் தவிர்க்க உதவுவது நுண்ணலை. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அதே குடும்பத்து அலைகள். பூமியும் வளியும் இயல்பாகவே மெல்லிய அளவில் இவற்றை வெளிவிடுகின்றன. மெல்லிய உயர்முகில் போர்வையை இவை ஊடுருவி வரும். அதனால் உள்ளே மழைப் பட்டைகள் எப்படிச் சுருண்டிருக்கின்றன, மையம் எங்கே என்று பார்க்கலாம். இன்னொன்றும் தெரியும். சூறாவளியின் நடுப்பகுதி, உயரத்தில், சுற்றியுள்ள வளியை விடச் சூடாக இருக்கும். அந்தச் சூடு கூடக் கூடப் புயல் பலமாகிறது என்று அர்த்தம். நுண்ணலைக் கருவி இந்தச் சூட்டை அளக்கும். ஆறு கிழமை வயதான டைரோஸ்-என் இல் அப்படி ஒரு கருவி இருந்தது. 1998இல் நோவா-15 இல் போன கருவி அதை விடப் பல மடங்கு நுணுக்கமானது.

அதையே புவிநிலையில் வைத்தால் என்ன? தூரம்தான் பிரச்சினை. நுண்ணலையின் அலைநீளம் பெரிது. தூரம் கூடினால், அதே நுணுக்கத்தோடு பார்க்க அன்டெனாவும் அதே அளவால் பெருக்க வேண்டும். 35,786ஐ 830ஆல் வகுத்தால் 43 வரும். துருவச் செய்மதியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் இருக்கிற அன்டெனா, புவிநிலையில் ஒரு அறையின் அகலத்தையும் தாண்டும். அவ்வளவு பெரிய ஒன்றைத் துல்லியம் குலையாமல் மேலே கொண்டுபோய் விரித்து வைத்திருப்பது சின்ன வேலையில்லை. அதனால் நுண்ணலை இன்றுவரை தாழப் பறப்பவர்களின் சொத்து. உலகக் கணினி எதிர்வுகூறல்களுக்குப் போகும் தரவுகளில் பெரிய பங்கும் இவர்களுடையது. போனில் வரும் மழைக் கணிப்பு, நாளைக்கு இரண்டு தடவை மட்டும் எங்களைப் பார்க்கும் இந்தச் செய்மதிகளிலும் தங்கியிருக்கிறது.

2020 டிசம்பரில் வந்த புரவி ஞாபகம் இருக்கும். டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. காற்றுப் பலம் 78ஐப் போல இல்லை. தீவைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் போய், இராமநாதபுரம் கரைக்குக் கிட்ட ஒரு நாளுக்கு மேல் ஏறத்தாழ அசையாமல் நின்றது. யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் பெய்த மழையை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புயல் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்ற கேள்விக்கு இரண்டு நேரப் படம் போதாது. அதற்குப் புவிநிலைப் படங்களின் ஓட்டம் வேண்டும். ஆனால் பலம் குறைந்து முகில் கலைந்த ஒரு சுழற்சியின் மையம் எங்கே என்பதற்கு அந்த ஓட்டம் மட்டும் போதாது. அதற்குத் தாழப் போகிறவரின் படம் வேண்டும். அவர் எந்த நேரம் எங்கள் பக்கம் வருவார் என்பது புயலின் அவசரத்தோடு சம்பந்தமில்லாத விஷயம். சில நேரம் வருவார், பட்டை தவறிப்போகும். கடல்மேல் காற்றை அளக்கும் ஐரோப்பியக் கருவி ஒன்று இரண்டு பட்டைகளாகப் பார்க்கிறது, நடுவில் 700 கிலோமீற்றர் அளவு இடைவெளி. ஒரு முழுப் புயலும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் பார்க்கும் படம் எந்த வகை என்று கண்டுபிடிப்பது லேசு. பத்து, பதினைந்து நிமிட இடைவெளியில் முகில்கள் நகர்ந்துகொண்டே இருந்தால் அது புவிநிலை. நாளைக்கு ஒரு படம்தான், படத்தில் சரிந்த ஓரங்கள் தெரியுது என்றால் துருவச் சுற்று. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் டெரா செய்மதியின் படத்தைத் திறந்து பாருங்கோ. வடக்கே ஐரோப்பா முழுக்க ஒட்டுத் தெரியாமல் மூடியிருக்கும். மத்திய கோட்டுக்கு வர வர, பட்டைகளுக்கு இடையில் கறுப்பு ஆப்புகள் தெரியத் தொடங்கும். அந்தக் கருவியின் பட்டை 2,330 கிலோமீற்றர் அகலம், சுற்றுகளுக்கு இடையிலான தூரம் அதை விட ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கூட. இலங்கையின் அகலம் 225 கிலோமீற்றர் அளவு. தீவின் பெரும்பகுதி அந்தக் கறுப்புக்குள் போய்விடும் நாட்களும் உண்டு. அடுத்த நாள் பார்த்தால் ஆப்பு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும்.